புரட்டாசி சலுகையில் ‘காளான் பிரியாணி’ என்று குஸ்கா கொடுத்தது தொடர்பாக

கோவை
06.10.2025

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
பிரியாணி உணவகம், கோவை.

ஐயா,

வணக்கம். உங்கள் கடைக்கு நான் ஆறு வருட வாடிக்கையாளன். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அரைக் கிலோ சீரகச் சம்பா மட்டன் பிரியாணி, ஒரு சிக்கன் 65, தால்ச்சா, வெங்காயம். கேட்பதற்கு முன்பே கட்டிவைக்கும் அளவுக்குக் கல்லாவில் இருக்கும் தம்பிக்கு என்னைத் தெரியும். கடையைக் குறை சொல்வதே வேலையாக இருக்கும் ஆள் நான் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

செப்டம்பர் 17-ல் புரட்டாசி பிறந்ததும் எங்கள் வீட்டில் கறி, முட்டை எல்லாம் நின்றுவிடும். அம்மா சனிக்கிழமை விரதம் இருந்து, மாவிளக்குப் போட்டு, தளிகை படைத்த பிறகுதான் சாப்பிடுவார். இந்த ஊரில் பாதி வீடு அப்படித்தான். புரட்டாசியில் உங்கள் கடையில் மேஜை காலியாகக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் ‘புரட்டாசி ஸ்பெஷல் சைவ காம்போ, 249 ரூபாய், காளான் பிரியாணி, கோபி 65, பரோட்டா, சால்னா’ என்று பச்சைப் புள்ளி போட்டு நீங்கள் பேனர் கட்டியபோது, சரி, நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

நேற்று ஞாயிறு. முந்தின நாள் மூன்றாம் சனிக்கிழமை, நாள் முழுக்க அடுப்படியில் நின்று அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. “இன்னிக்கு நீங்க சமைக்க வேண்டாம்” என்று சொல்லி மூன்று காம்போ வாங்கி வந்தேன். அம்மா இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயை எடுத்தவர் அப்படியே இலையில் வைத்துவிட்டு, “என்ன கண்ணு, சோத்துல கறி வாசம் அடிக்குது?” என்றார். மசாலா வாசமாக இருக்கும் என்று நான் சமாளித்தேன். அப்புறம் நான் ஒரு வாய் வைத்தேன். ஆறு வருடமாகச் சாப்பிடும் சோறு, எனக்கா தெரியாது? உங்கள் மட்டன் பிரியாணிச் சோறு அது. கறி மட்டும் இல்லை.

சந்தேகத்தை உறுதிசெய்தது காளான். ஒன்றை எடுத்து இரண்டாகப் பிட்டுப் பார்த்தேன். வெளியே லேசாக மசாலா ஒட்டியிருந்தது, உள்ளே பால் வெள்ளை. காளானில் பெரும்பகுதி தண்ணீர்தான். அரிசியோடு சேர்ந்து தம்மில் இருந்திருந்தால் தண்ணீர் விட்டுப் பாதியாகச் சுருங்கி, உள்ளே வரை நிறம் ஏறியிருக்கும். இது தனியாகத் தாளித்து, கடைசியில் சோற்றின் மேல் போட்டுப் புரட்டியது. காளானில் சோற்றின் ருசி இல்லை, சோற்றில் காளானின் ருசி இல்லை. இரண்டும் டப்பாவில்தான் சந்தித்திருக்கின்றன.

மீதியிருந்ததை வெளியிலேயே வைத்திருந்தேன். இன்று காலை டப்பாவின் ஓரத்தில் வெள்ளையாகக் கொழுப்பு உறைந்திருந்தது. டால்டா ஊற்றினாலும், நெய் ஊற்றினாலும் உறையும் என்பது எனக்குத் தெரியும், அதை மட்டும் வைத்து நான் பேசவில்லை. ஆனால் கொஞ்சம் சூடுபடுத்தியதும் வீடு முழுக்க ஆட்டுக்கறி வாசம். டால்டாவுக்கு அந்த வாசம் வராது.

கடைக்குப் போன் செய்தேன். எடுத்த மேனேஜர் எதையும் மறைக்கவில்லை, அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். “பீஸ் எதுவும் போடல சார். குஸ்காதான். அதுல காளான் சேர்த்துத் தர்றோம்” என்றார். சொன்ன தொனியில் இதில் தப்பு ஒன்றும் இருப்பதாக அவர் நினைக்கவே இல்லை. என்னை உண்மையில் கலங்கவைத்தது அந்தத் தொனிதான்.

குஸ்கா என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். உங்கள் கடையில் கறியை மசாலாவில் வேகவைத்து, அந்தக் கறித் தண்ணீரிலேயே அளவு பார்த்து அரிசியைப் போட்டுத் தம் கட்டுகிறீர்கள். அந்தத் தண்ணீர் முழுவதையும் அரிசி குடித்துவிடுகிறது. உங்கள் பிரியாணியின் ருசியே அதுதான். அதே அண்டாவில் கறித்துண்டை ஒதுக்கிவிட்டு அள்ளும் சோறுதான் குஸ்கா. துண்டு இல்லாததால் அது சைவம் ஆகிவிடாது. மீன் குழம்பில் மீனை எடுத்துவிட்டு ஊற்றினால் சைவக் குழம்பு ஆகிவிடுமா? மற்ற மாதத்தில் காசு குறைவு என்று குஸ்கா வாங்குகிறவருக்கு அது கறிச்சோறு என்று தெரியும். பச்சைப் புள்ளி பார்த்து வாங்குகிறவருக்குத் தெரியாது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே சமையற்கட்டில்தான் கறியும் வேகிறது என்று தெரிந்தேதான் வாங்கினேன். அதே மாஸ்டர், அதே அடுப்பு என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவ்வளவு ஆசாரம் பார்க்கிறவர்கள் உங்கள் கடைக்கு வரப்போவதில்லை, சைவ ஹோட்டலுக்குப் போய்விடுவார்கள். விரதத்தை முறிக்காமல் பிரியாணி ஆசையைத் தீர்த்துக்கொள்ள நினைக்கும் எங்களைப் போன்றவர்கள்தான் இந்தச் சலுகைக்கு வருகிறோம். நாங்கள் கேட்பது தனி அண்டா, தனி எண்ணெய். அவ்வளவுதான்.

எண்ணெய் என்றதும் கோபி 65. அதன் அடியில் உதிர்ந்து கிடந்த கருந்துகள்களில் ஒன்றைப் பிரித்தால் நார் நாராக வந்தது. காலிஃபிளவர் மாவாக உதிரும், நார் வராது. சிக்கன் 65 பொரித்த வாணலியில்தான் அது பொரிந்திருக்கிறது. சால்னாவைப் பற்றி மேனேஜரிடம் நான் கேட்கவே இல்லை. கேட்கப் பயமாக இருந்தது.

இறைச்சியோ முட்டையோ எந்த வடிவில் இருந்தாலும் அது அசைவ உணவு என்பதுதான் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள விளக்கம். பால், பால் பொருள், தேன் போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. கறித் தண்ணீரில் வெந்த சோற்றுக்கு நீங்கள் போட்ட பச்சைப் புள்ளி அந்த விளக்கத்துக்குள் எங்கும் அடங்காது.

காளான் பிரியாணி செய்வது உங்கள் மாஸ்டருக்குப் பெரிய விஷயமே இல்லை. சின்ன அண்டா ஒன்று போதும். காளான் தண்ணீர் விடும் என்பதால் அரிசிக்கு ஊற்றும் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, புதினா, மல்லி, தேங்காய்ப்பால் சேர்த்துத் தம் போட்டால் முடிந்தது. மட்டன் ருசி வராது, உண்மைதான். வரக்கூடாது என்பதற்காகத்தானே வாங்குகிறோம். அன்றாடம் இருபது பேர்தான் கேட்கிறார்கள், தனி அண்டா கட்டுப்படியாகாது என்றால், சைவப் பிரியாணியை நிறுத்திவிட்டு வேறு ஏதாவது கொடுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

மூன்று காம்போவுக்கு நான் கொடுத்த 747 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் எனக்குத் திரும்ப வேண்டும். பில்லின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். டப்பாவில் மீதி இருந்ததை ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் வந்து பார்க்கலாம். ஆனால் பணத்தைவிட முக்கியம், வரும் 11-ஆம் தேதி நான்காவது சனிக்கிழமை. அதற்குள் அண்டாவும் எண்ணெயும் தனியாக வேண்டும், இல்லையென்றால் பேனரில் இருக்கும் பச்சைப் புள்ளியை அழித்துவிட்டு ‘குஸ்காவில் காளான்’ என்று உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். செப்டம்பர் 17-லிருந்து இதை வாங்கிய மற்றவர்களுக்கும் தெரியும்படி கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டுங்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிவு செய்வேன்.

அம்மா நேற்று ராத்திரி எதுவும் சாப்பிடவில்லை. காலையில் தலைக்குக் குளித்துவிட்டுப் பெருமாள் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். உங்கள் மேல் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. “தெரியாமத் தின்னதுக்குச் சாமி கோவிச்சுக்காது” என்று எனக்குத்தான் சமாதானம் சொன்னார். எனக்குத்தான் ஆறவில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், காளான் மற்றும் டப்பாவின் புகைப்படங்கள் நான்கு