ஆனுவல் செக்கப் ரிப்போர்ட்ல பல்ஸ், பிபி தப்பா இருக்கு: திருத்தி, மறுபடி டெஸ்ட் எடுத்துக் குடுங்க

கஸ்டமர் சர்வீஸ் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாசம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருக்கற எங்க ஃபேக்டரில உங்க லேப் வந்து வருஷாந்திர மெடிக்கல் செக்கப் கேம்ப் போட்டுச்சு. நான் மெயின்டனன்ஸ்ல இருக்கேன். ரிப்போர்ட்டோட முதல் பக்கத்துல எனக்கு பிபி 150/100, பல்ஸ் 72, ரெகுலர்னு போட்டு கீழ ரிமார்க்ஸ்ல "ஹைபர்டென்ஷன், உயரத்துல வேலை செய்யத் தகுதி இல்லை"ன்னு எழுதியிருக்கு. இதை வச்சு என்னை ஹைட் வொர்க் பெர்மிட்ல இருந்து எடுத்துட்டாங்க, அதனால இந்த ரெண்டு நம்பரும் எப்படி வந்துச்சுன்னு நீங்க எனக்குப் பதில் சொல்லியே ஆகணும்.

முதல்ல பல்ஸ். அதே ரிப்போர்ட்ல நாலாவது பக்கம் என்னோட ஈசிஜி இருக்கு, அதுல மெஷின் அடிச்ச ஹார்ட் ரேட் 94. மெஷின் தப்பா சொல்லுதோன்னு நானே பேப்பர்ல எண்ணிப் பார்த்தேன். வழக்கமான ஸ்பீடுல ஓடற ஈசிஜி பேப்பர்ல ரெண்டு உயரமான கோட்டுக்கு நடுவுல எத்தனை பெரிய கட்டம் இருக்குன்னு பார்த்து 300ஐ அதால வகுத்தா ஒரு நிமிஷத்துக்கான துடிப்பு வந்துடும், எனக்கு மூணு கட்டமும் கொஞ்சமும் தான் இருக்கு, அதாவது 94 சரி தான். 72 ஆக இருந்தா நாலு கட்டத்துக்கு மேல இடைவெளி இருந்திருக்கணும். உக்காந்திருந்தப்போ 72 இருந்த துடிப்பு, கொஞ்ச நேரம் கழிச்சு படுத்து ஓய்வா இருக்கறப்போ 94க்கு ஏறிச்சுன்னு சொன்னா யாரு நம்புவாங்க? எனக்குத் தெரிஞ்சு என் மணிக்கட்டுல யாரும் விரலே வைக்கல. அப்புறம் அந்த "ரெகுலர்"ங்கற வார்த்தை எங்க இருந்து வந்துச்சு? துடிப்பு சீரா இருக்கா, விட்டு விட்டு வருதான்னு விரல் வச்சு கொஞ்ச நேரம் கவனிச்சவங்க தான் அதை எழுத முடியும்.

கேன்டீன்ல உக்காந்து எங்க ஷிஃப்ட் ஆளுங்க ரிப்போர்ட்டை எல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தோம். எல்லாருக்கும் பல்ஸ் 72. பிபி ஒருத்தருக்கு 120/80, இன்னொருத்தருக்கு 130/80, 110/70, எனக்கு 150/100, ஒரு நம்பர் கூட பூஜ்ஜியத்தைத் தவிர வேற எதுலயும் முடியல. உங்க ஆள் வச்சிருந்தது கையால காத்தடிக்கற டயல் மீட்டர், அதுல ஒவ்வொரு சின்னக் கோடும் 2. அப்போ 124, 136, 118னு எல்லாம் கலந்து தானே வரணும், ஒழுங்கா கோட்டைப் பார்த்துப் படிச்சிருந்தா அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு தான் கடைசி இலக்கம் பூஜ்ஜியமா வரும். பல்ஸும் அப்படித்தான், 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கினா கூட ஒருத்தருக்கு 68, ஒருத்தருக்கு 84ன்னு மாறும்.

இதுல எனக்கு ரொம்ப பயமா இருக்கறது என் ரிப்போர்ட் இல்ல. எங்க செக்ஷன்ல ஒரு அண்ணன் இருக்காரு, ஸ்டென்ட் வச்சவரு, அவர்கிட்ட கேட்டுட்டு தான் இதை எழுதறேன். அவர் தினமும் மெட்டோப்ரோலால் மாத்திரை போடறாரு, அது துடிப்பைக் குறைக்கற மாத்திரை, வீட்டு மெஷின்ல அவருக்கு எப்பவும் 56, 58 தான் வரும். அவருக்கும் நீங்க 120/80, பல்ஸ் 72, நார்மல்னு போட்டிருக்கீங்க. இதை அவரோட ஹார்ட் டாக்டர் பார்த்தா மாத்திரையை விட்டுட்டாரோன்னு தான் நினைப்பாரு, டோஸைக் கூட மாத்தலாம்.

இப்போ என் பிபிக்கு வரேன். அன்னைக்கு நான் நைட் ஷிஃப்ட் முடிச்சு, சுகர் டெஸ்ட்டுக்காக சாப்பிடாம, ரெண்டு மாடி ஏறி டிரெய்னிங் ஹாலுக்கு வந்து, இடது கையில ரத்தம் குடுத்துட்டு அப்படியே அடுத்த ஸ்டூலுக்குப் போனேன். முதுகு சாய இடம் இல்ல, கை தொங்கிட்டு இருந்துச்சு, யூனிஃபார்ம் சட்டை மேலயே கஃப்பைச் சுத்தினாங்க, காத்து அடிக்கும்போதே எம்ப்ளாயி நம்பர் என்ன, வயசு என்னன்னு கேட்டாங்க, நானும் பதில் சொல்லிட்டு இருந்தேன். இதுல பெரும்பாலானது நம்பரை மேல தூக்கும். கை நெஞ்சு மட்டத்துக்குக் கீழ தொங்கினா ஏறும், பேசினா ஏறும், கஃப் சின்னதா இருந்தாலும் ஏறும். என் மேல்கை சுத்தளவு 35 செமீ, சாதாரண கஃப் பெரும்பாலும் 32 வரைக்கும் தான், நீங்க எல்லாருக்கும் ஒரே கஃப்பைத் தான் போட்டீங்க. அந்த 94 துடிப்பே உடம்பு இன்னும் அடங்கலைன்னு தான் சொல்லுது. பல்ஸை உண்மையா எண்ணி எழுதியிருந்தா ரிப்போர்ட் பார்க்கற டாக்டரே "இவர் ஓய்வா இல்ல, உக்கார வச்சு திரும்ப எடுங்க"ன்னு சொல்லியிருப்பாரு, அந்த இடத்துல 72ன்னு எழுதினதால தான் 150/100 நிஜமான வியாதி மாதிரி தெரியுது.

நான் எங்க ஏரியா டாக்டர்கிட்ட போனேன். அவர் அஞ்சு நிமிஷம் பேசாம உக்கார வச்சாரு, முதுகு சாய்ச்சு, கால் ரெண்டும் தரையில, கை மேஜை மேல, பெரிய கஃப் போட்டு மூணு தடவை எடுத்தாரு. 142/88, 134/84, 132/82, பல்ஸ் 78. முதல் ரீடிங்கை விட்டுட்டு மத்த ரெண்டோட சராசரியை எடுத்து 133/83ன்னு எழுதிக் குடுத்தாரு. அதோட விடாம ஒரு வாரம் வீட்டுல காலையும் ராத்திரியும் பார்க்கச் சொன்னாரு, சராசரி 128/81 வந்துச்சு. கிளினிக்ல 140/90, வீட்டுல 135/85, இதைத் தாண்டினா தான் ஹைபர்டென்ஷன்னு சொல்றது, அதுவும் 180/110 மாதிரி ரொம்ப அதிகமா இல்லாதவரைக்கும் ஒரே நாள் ரீடிங்கை வச்சு முடிவு பண்ணக் கூடாதுன்னாரு. என் நம்பர் அப்படியே பத்தரமாத்துத் தங்கம்னும் அவர் சொல்லல, எல்லைக்குப் பக்கத்துல இருக்கு, உப்பைக் குறைங்க, மூணு மாசத்துல திரும்ப வாங்கன்னு தான் சொன்னாரு. இந்த அளவுக்குத் தெளிவா ஒரு வரி உங்க ரிப்போர்ட்ல இருந்திருந்தா என் வேலைக்குப் பிரச்சனையே வந்திருக்காது.

அதனால, எங்க பேட்ச்ல எல்லாருக்கும் பல்ஸும் பிபியும் உங்க செலவுல திரும்ப எடுக்கணும், நைட் ஷிஃப்ட் முடிச்ச உடனே இல்லாம நல்லா தூங்கி எழுந்த ஒரு நாள்ல. ரெண்டு ரீடிங்காவது எடுத்து ரெண்டையும் ரவுண்ட் பண்ணாம எழுதுங்க, எந்தக் கை, எத்தனை மணி, எந்த சைஸ் கஃப்னு பக்கத்துலயே போடுங்க. எண்ணாத பல்ஸுக்கு "எடுக்கவில்லை"ன்னு எழுதுங்க, அது எவ்வளவோ மேல். என் ரிப்போர்ட்ல இருக்கற ஹைபர்டென்ஷன் ரிமார்க்கை "மறுபரிசோதனை தேவை"ன்னு மாத்தி எங்க எச்ஆருக்கும் ஃபேக்டரி மெடிக்கல் ஆபீசருக்கும் இந்த வாரத்துக்குள்ள அனுப்புங்க, அந்த அண்ணனோட ரிப்போர்ட்டை அதுக்கும் முன்னாடி அனுப்புங்க, அவருக்கு அடுத்த வாரம் ஹார்ட் டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் இருக்கு. ஈசிஜி பக்கம், டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு, வீட்டு ரீடிங் எல்லாத்தோட காப்பியும் இதோட இணைச்சிருக்கேன்.

இப்படிக்கு,
மெயின்டனன்ஸ் டெக்னீஷியன், பி ஷிஃப்ட்