சாவி வாங்கும் முன் சான்றிதழ்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். புதிதாகக் கட்டிய கட்டடத்தில் வாடகைக்கு இடம் பிடித்து, தடுப்பு, அலமாரி போன்ற உள்வேலைக்காக எங்களை அழைப்பவர்களிடம் அளவெடுக்க வருமுன்பே இரண்டு நகல்களைக் கேட்கிறோம். ஒன்று கட்டடத்தின் பணி நிறைவுச் சான்றிதழ், மற்றொன்று குடியேறும் அனுமதி. “நீங்கள் தடுப்பு வைப்பவர்களா, வழக்கறிஞர்களா?” என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். நியாயமான சலிப்புதான். ஏன் கேட்கிறோம் என்பதை ஒருமுறை விளக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

அனுமதி பெற்ற வரைபடத்தின்படியே கட்டடம் எழுந்திருக்கிறது என்று சொல்வது பணி நிறைவுச் சான்றிதழ். அதில் ஆட்கள் புழங்கலாம், தீ விபத்து நேர்ந்தால் வெளியேற வழியிருக்கிறது, தண்ணீரும் கழிவுநீர் இணைப்பும் இயங்குகின்றன என்று சொல்வது குடியேறும் அனுமதி. சில ஊர்களில் இரண்டும் ஒரே தாளில் வரும், சில இடங்களில் பெயர் மாறும். எப்படியானாலும் அதை வழங்க வேண்டியது கட்டட அனுமதி கொடுத்த அமைப்பு, அல்லது சட்டம் அந்தப் பொறுப்பை யாருக்குக் கொடுத்திருக்கிறதோ அவர்கள். கட்டட உரிமையாளர் அல்ல.

அண்மையில் ஒரு வாடிக்கையாளர் தனிப்பயிற்சி வகுப்பு நடத்த மூன்றாம் தளம் முழுவதையும் பேசி முடித்தார். பரப்பு 240 சதுர மீட்டர். ஒரு நேரத்தில் 50 மாணவர்கள் என்பது அவருடைய கணக்கு. உரிமையாளர் கொடுத்ததாக அவர் அனுப்பிய முதல் தாள், கட்டடக் கலைஞர் தம் முகவரித் தாளில் “வேலை முடிந்தது” என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதம். எங்களிடம் மிகுதியாக வருவது இந்த வகைத் தாள்தான். பெரும்பாலான இடங்களில் இது சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது இணைக்கும் ஆவணம், சான்றிதழே அல்ல. விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்கான ரசீதும் அப்படித்தான். அதில் முத்திரை இருக்கும், எண் இருக்கும், தேதி இருக்கும். அனுமதி மட்டும் இருக்காது.

மீண்டும் கேட்டபோது உண்மையான அனுமதியின் நகல் வந்தது. எண்ணைக் கொண்டு வழங்கிய அலுவலகத்தில் சரிபார்த்தோம், பதிவில் இருந்தது. மனை எண்ணும் கட்டட அனுமதிக் கோப்பு எண்ணும் பொருந்தின. ஆனால் தளங்களைக் குறிப்பிடும் வரியில் “தரைத்தளம் முதல் இரண்டாம் தளம் வரை” என்று இருந்தது. அது பகுதி அனுமதி. மேல்தள வேலை முடியாத நிலையில், முடிந்த தளங்களுக்கு மட்டும் கேட்டு வாங்கியது. உரிமையாளர் பொய் சொல்லவில்லை. கட்டடத்துக்கு அனுமதி வந்தது உண்மை, இவர் வாடகைக்கு எடுக்கும் தளத்துக்குத்தான் வரவில்லை. நகலைக் கையில் வாங்கியதும் முத்திரையைப் பார்ப்பதைவிட இந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

அதே தாளில் பயன்பாடு என்ற இடத்தில் “அலுவலகம்” என்று இருந்தது. வகுப்பறைக்கும் அலுவலகத்துக்கும் மேசை நாற்காலிதானே வேறுபாடு என்று தோன்றும். அனுமதி தருபவர்கள் பார்ப்பது ஆட்களின் எண்ணிக்கையை. அலுவலகத்தில் ஒருவருக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் என்பது விதிமுறைகளில் பரவலாகக் காணப்படும் கணக்கு. அதன்படி இந்தத் தளத்தில் 24 பேர். படிக்கட்டின் அகலம், வெளியேறும் கதவுகள், கழிப்பறைகள் எல்லாம் அந்த எண்ணிக்கையை ஒட்டியே அமைகின்றன. அங்கே 50 மாணவர்களும் ஆசிரியர்களும் அமர்ந்தால் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. வரைபடத்தில் அலுவலகமாக இருந்த இடத்தை வகுப்பாக்க, பயன்பாட்டு மாற்றத்துக்குத் தனியாக ஒப்புதல் வேண்டும்.

அடுத்து, அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலையும் வாங்கி நேரில் போய் ஒப்பிட்டோம். வரைபடத்தில் மூன்றாம் தளத்தின் பின்பக்கம் இரண்டாவது படிக்கட்டுக்கு ஒரு கதவு இருந்தது. தளத்தில் அந்த இடத்தில் சுவர் எழுப்பி, பொருள் வைக்கும் அறை ஆக்கியிருந்தார்கள். இந்த ஒரு சுவர் இருக்கும்வரை ஆய்வுக்கு வருபவர் ஒப்புதல் தரமாட்டார்.

இந்தக் கட்டத்தில்தான் உரிமையாளர் வழக்கமான யோசனையைச் சொன்னார்: “அனுமதி வந்துகொண்டே இருக்கிறது, நீங்கள் அதற்குள் உள்வேலையை முடித்துவிடுங்கள்.” நாங்கள் மறுத்தோம். ஆய்வாளர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவார். வரைபடத்தில் இல்லாத தடுப்புகள் நின்றால், கூரையில் தண்ணீர் தெளிப்பான்களுக்கு முன்னால் பலகை மறைத்தால், வெளியேறும் நடைவழி குறுகினால், குறை கட்டடத்தின் மீது எழுதப்படும். வர வேண்டிய அனுமதி எங்கள் வேலையாலேயே தள்ளிப்போகும். பிறகு தடுப்பைப் பிரிக்கும் செலவு வாடகைதாரர் தலையில் விழும். வெறும் கூடாக ஒப்படைத்து, உள்வேலை முடிந்தபின் ஆய்வு நடக்கும் முறை உள்ள இடங்களும் உண்டு. அங்கே உள்வேலை வரைபடத்துக்கே முன்கூட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த ஒப்புதலைத்தான் நாங்கள் கேட்போம்.

அனுமதி இல்லாத இடத்தை வேறொரு அறிகுறியாலும் ஊகிக்கலாம். மின்சாரம் எந்த இணைப்பில் வருகிறது என்று கேளுங்கள். கட்டுமானத்துக்காகக் கொடுத்த தற்காலிக இணைப்பிலேயே விளக்கு எரிகிறது என்றால், நிரந்தர இணைப்பு ஏன் வரவில்லை என்பது அடுத்த கேள்வி. குடியேறும் அனுமதியைக் காட்டாமல் நிரந்தர இணைப்பு தராத இடங்கள் பல. தொழில் உரிமத்துக்கும் அதே நகலைக் கேட்பதுண்டு. தீ விபத்துக் காப்பீட்டில் இழப்பீடு கோரும்போது இது இல்லாதது தகராறுக்கு இடம் கொடுக்கும்.

வாடிக்கையாளர் அதுவரை ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பது நல்லதாகப் போயிற்று. வரைவில் “சாவி ஒப்படைத்த நாள் முதல் வாடகை” என்று இருந்தது. அவருடைய வழக்கறிஞர் அதை மாற்றினார். மூன்றாம் தளத்துக்கு, வகுப்பு நடத்தும் பயன்பாட்டுக்கு, குடியேறும் அனுமதி கிடைத்த நாள், சாவி ஒப்படைத்த நாள் இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து வாடகை. விண்ணப்பிப்பதும் குறைகளைச் சரிசெய்வதும் உரிமையாளர் செலவு. 4 மாதத்துக்குள் அனுமதி வராவிட்டால் முன்பணத்தை முழுமையாகப் பெற்றுக்கொண்டு வாடகைதாரர் விலகலாம். “அனுமதி கிடைத்தவுடன்” என்று பொதுவாக மட்டும் எழுதினால் போதாது. எந்தத் தளம், என்ன பயன்பாடு என்பதையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் முதலில் வந்த அந்தப் பகுதி அனுமதியையே காட்டி வாடகை கேட்கலாம்.

உரிமையாளர் சுவரை இடித்துக் கதவை மீட்டார். கெடுவுக்குள் அனுமதி வந்தது, ஒரு நிபந்தனையுடன்: ஒரே நேரத்தில் 55 பேருக்கு மேல் தளத்தில் இருக்கக் கூடாது. 50 மாணவர்களோடு ஆசிரியர்கள், அலுவலக ஊழியர் என 5 பேர் வரை கொள்ளும். மாணவர்கள் வரும் நேரமும் போகும் நேரமும் மோதாதபடி வகுப்புகளுக்கிடையே 20 நிமிடம் விட்டு அட்டவணை போட்டார்கள். நாங்களும் பின்கதவுக்குப் போகும் வழியை அலமாரி எதுவும் தொடாதபடி வரைந்து வேலையைத் தொடங்கினோம்.

ஆகவே எங்களை அழைக்கும்போது குடியேறும் அனுமதியின் எல்லாப் பக்கங்களையும் அனுப்புங்கள். நிபந்தனைகள் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும், நகல் எடுப்பவர்கள் விட்டுவிடுவதும் அந்தப் பக்கத்தைத்தான். உங்கள் தளத்தின் அனுமதி பெற்ற வரைபடமும் ஒப்பந்த வரைவும் கூடவே இருந்தால், அளவெடுக்க வரும் நாளிலேயே ஒப்பிட்டுச் சொல்லிவிடுவோம். இந்த ஒப்பிடுதலுக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஒப்பந்தத்தின் வாசகத்தை மட்டும் உங்கள் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள், அது எங்கள் வேலை அல்ல.

அன்புடன்,
உள்வேலைப் பிரிவு