பத்து கோடி ஏன் இருபத்தொரு லட்சம் ஆனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளத் தடுப்புக்கான இரண்டு மாற்றுத் திட்டங்களை ஒப்பிட்டுச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் கணக்கை மறைக்காமல் அட்டவணையாகவே கொடுத்திருந்தது பாராட்டுக்குரியது. அந்த அட்டவணையால்தான் இந்தக் கடிதத்தை எழுத முடிகிறது.

இரு திட்டங்களுக்கும் முதலீடு 100 கோடி. ஆற்றைத் தூர்வாரிக் கரையை உயர்த்தும் முதல் திட்டம் 15 ஆண்டுகள் தாங்கும். ஆண்டுக்கு 15 கோடி அளவுக்கு வெள்ளச் சேதத்தைத் தவிர்க்கும். மேல்பகுதியில் நீர்த்தேக்கம் கட்டும் இரண்டாவது திட்டம் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு எதுவும் தராது. ஆறாம் ஆண்டு முதல் ஐம்பதாம் ஆண்டு வரை ஆண்டுக்கு 10 கோடி தரும். வருங்காலப் பயனை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் தள்ளுபடி விகிதத்தை 8 சதவீதமாகக் கொண்டு, முதல் திட்டத்தின் நிகர நிகழ்கால மதிப்பு, அதாவது பயன்களின் இன்றைய மதிப்பில் முதலீடு போக எஞ்சுவது, 28 கோடி என்றும், நீர்த்தேக்கத்தினால் 18 கோடி நட்டம் என்றும் கட்டுரை முடிவு சொல்கிறது. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. பிழை அந்த எட்டில் இருக்கிறது.

அட்டவணையின் பயன் பத்தியை மேலிருந்து கீழே பார்த்தால் 10, 10, 10 என்று ஐம்பதாம் ஆண்டு வரை ஒரே எண்தான் வருகிறது. அதாவது பயன்கள் இன்றைய விலைவாசியில் கணக்கிடப்பட்டுள்ளன. பணவீக்கம் அவற்றில் சேரவில்லை. ஆனால் 8 சதவீதம் என்பது கட்டுரையாளரே குறிப்பிடுவதுபோல் கடனுக்கான வட்டி. கடன் கொடுப்பவர் எதிர்பார்க்கும் பணவீக்கமும் அதற்குள் அடங்கியிருக்கிறது. பணவீக்கம் 5 சதவீதம் என்று கொண்டால், 1.08ஐ 1.05ஆல் வகுக்கக் கிடைக்கும், பணவீக்கம் நீக்கிய உண்மை விகிதம் 3 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பயனில் சேர்க்காத பணவீக்கத்தை விகிதத்தில் மட்டும் வைத்துக் கழித்ததால், ஐம்பதாம் ஆண்டின் 10 கோடி இன்றைக்கு 21 லட்சமாகச் சுருங்கிவிட்டது. 3 சதவீதத்தில் கழித்தால் அதன் மதிப்பு 2 கோடி 28 லட்சம். திட்ட அறிக்கைகளைச் சரிபார்க்கும் பணியில் இருந்தபோது இப்படி இரண்டையும் கலக்கும் பிழையை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நீண்ட காலத் திட்டம் எதுவானாலும் அதில் அடிபட்டுப் போகும்.

கடன் வட்டியை, பொதுநலத் திட்டங்களை மதிப்பிட உதவும் சமூகத் தள்ளுபடி விகிதமாக எடுக்கலாமா என்பது தனிக் கேள்வி. பிரிட்டன் நிதியமைச்சகம் 2003 முதல் பயன்படுத்திவரும் உண்மை விகிதம் 3.5 சதவீதம். காத்திருப்பதற்கும் எதிர்பாராப் பேரிடருக்குமாக 1.5, வருங்காலத் தலைமுறை நம்மைவிட வசதியாக இருக்கும் என்பதற்காக 2 என்று அதைப் பிரித்துக் காட்டுகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு அப்பால் அதையும் குறைக்கிறார்கள். வங்கி கேட்கும் வட்டியிலிருந்து அந்த எண் பிறக்கவில்லை.

சரி, 3 சதவீதத்தில் வரிசை என்ன ஆகிறது? தூர்வாரும் திட்டத்துக்கு 79 கோடி, நீர்த்தேக்கத்துக்கு 111 கோடிக்குச் சற்று மேல். வரிசை தலைகீழாகிறது. விகிதம் 4 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும் இடத்தில் இரண்டும் சமமாகின்றன. அதற்குக் கீழே நீர்த்தேக்கம், மேலே தூர்வாருதல்.

இத்துடன் நிறுத்தி நீர்த்தேக்கத்துக்கு வாக்களிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் 15 ஆண்டுத் திட்டத்தையும் 50 ஆண்டுத் திட்டத்தையும் அப்படியே அருகருகே வைப்பது முறையல்ல, ஏனெனில் பதினாறாம் ஆண்டில் ஆற்றை மறுபடியும் தூர்வாரலாம். அதே செலவில், அதே பயனுடன் மூன்று முறை செய்தால் அதன் மதிப்பு 3 சதவீதத்தில் 162 கோடியாகி நீர்த்தேக்கத்தைத் தாண்டிவிடுகிறது. கட்டுரையாளரின் முதலிடம் நிலைக்கக்கூடும். ஆனால் அவர் சொன்ன காரணத்தால் அல்ல. நீர்த்தேக்கம் நட்டம் என்ற அவருடைய கூற்றோ எப்படியும் நிற்காது.

ஆகவே, முடிவு இப்போது தொங்குவது வேறோர் எண்ணில். ஆற்றுப்படுகை மேலும் மேடாகி, இரண்டாம் மூன்றாம் சுற்றுகளில் ஆண்டுப் பயன் 15 கோடியிலிருந்து 11 கோடியாக இறங்கினால் இரு திட்டங்களும் ஏறத்தாழச் சமம். அதற்கும் கீழே போனால் நீர்த்தேக்கமே மேல். படுகையில் ஆண்டுக்கு எவ்வளவு வண்டல் படிகிறது என்ற அளவீடு கட்டுரையில் இல்லை. பொறியாளர்களிடம் அதைக் கேட்டுப் பெற்று, திருத்திய அட்டவணையுடன் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
திட்ட மதிப்பீட்டுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற வாசகர்