பதினாறாம் நாளே கையெழுத்துக் கேட்காதீர்கள்

கொடைக்கானல் மேல்மலை ஊர்ப் பெரியவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் நம் பக்கத்தில் ஒரு வீட்டில் காரியம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள், புருஷனை இழந்தவள் முன்னால் விடுதலைப் பத்திரத்தை நீட்டினார்கள். "பொம்பளைப் பிள்ளைங்கள வச்சுக்கிட்டு நீ எப்படிம்மா காட்டைப் பாப்ப, கையெழுத்துப் போட்டுட்டு அம்மா வீட்டுக்குப் போ" என்று சொன்னதும் உங்களில் ஒருவர்தான். அவளும் போட்டுவிட்டாள். அன்றைக்கு அவள் எதைப் போடமாட்டேன் என்று சொல்லியிருப்பாள்?

அந்தப் பூண்டுக் காடு 1 ஏக்கர் 20 சென்ட், அவள் புருஷன் சம்பாதித்து அவர் பெயரில் வாங்கியது. உயில் எழுதவில்லை. 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, இரண்டு மகள்கள், இறந்தவரின் தாய் நாலு பேருக்கும் சமபங்கு, ஆளுக்கு 30 சென்ட். இவர்கள் இருக்கும்போது மாமனாருக்கு அதில் பங்கில்லை, கொழுந்தனுக்கும் இல்லை. நாளைக்கு அவள் வேறு கல்யாணம் செய்துகொண்டாலும் அவளுக்கு வந்த பங்கு போகாது. பிள்ளைகள் இருவரும் மைனர், அவர்கள் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் தாயே விட்டுக்கொடுத்தாலும் பின்னால் அவர்கள் வழக்குப் போட்டு ரத்து செய்யலாம். இது தெரியாமலா பத்திரம் எழுதினார்கள்?

வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, சரி. அவர் உயிரோடு இருக்கும்வரை அதில் அவளுக்குப் பங்கில்லை என்பது உண்மைதான், ஆனால் பங்கு வேறு, குடியிருப்பது வேறு. 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் வாழ்ந்த வீட்டில் இருக்க அவளுக்கு உரிமை தருகிறது. சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் யாரும் வெளியேற்ற முடியாது. கணவன் இறந்துவிட்டால் இந்த உரிமை முடிந்துபோவதில்லை என்பது 2022இல் ஒரு விதவையின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலேயே தெளிவாகிவிட்டது. பூட்டைப் போட்டால் அவள் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ நேராகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். அப்புறம் மாமனார் உயில் எழுதாமல் காலமானால், இறந்த மகனின் பங்கு அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான் வரும்.

உங்களிடம் கேட்பது இதுதான்: இனி எந்த வீட்டிலும் துக்கத்தோடு சேர்த்துப் பத்திரம் பேசாதீர்கள். முதலில் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்கட்டும், அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசுவோம்.

அந்தப் பத்திரம் இன்னும் பதிவாகவில்லை. பதிவாகிவிட்டால் அதை ரத்து செய்ய அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிவில் கோர்ட்டுக்கு வருடக்கணக்கில் மலை இறங்கி ஏற வேண்டும். அதைத் திருப்பி வாங்க உங்களால் முடியும், கொழுந்தன் உங்கள் பேச்சைத் தட்டமாட்டார்.