மெஷின் தலையைக் கழற்றிப் பார், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் பேசும்போது, மாப்பிள்ளைக்கும் பையன்கள் இரண்டு பேருக்கும் மாமனாருக்கும் இனிமேல் வீட்டிலேயே முடி வெட்டப் போவதாகச் சொன்னாய். ஒருத்தருக்கு வெட்டினதும் மெஷினை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு அடுத்தவருக்கு வெட்டலாம் இல்லையா என்று கேட்டாய். நான் சரியாகப் பதில் சொல்வதற்குள் குக்கர் விசில் அடித்தது, நீ வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் சிரசுத் திருவிழாவுக்கு உன் அண்ணன் பிள்ளைகள் மூன்று பேரும் குடியாத்தம் வந்திருந்தார்கள் அல்லவா? வைகாசி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், திண்ணையில் உட்கார வைத்து மூன்று பேருக்கும் நான்தான் வெட்டினேன். நீ சொன்ன மாதிரியே ஒவ்வொருத்தருக்கும் நடுவில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மெஷினைத் துடைத்தேன். பத்து, பன்னிரண்டு நாள் கழித்துக் கடைக்குட்டிக்குப் பிடரியில் பத்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வட்டம் வந்தது. ஓரம் மட்டும் தடித்து, செதில் செதிலாக இருந்தது. அந்த இடத்தில் முடி அடியோடு ஒடிந்திருந்தது. வேலூரில் டாக்டரிடம் காட்டினோம். படர்தாமரை என்றார். அவர் கேட்ட முதல் கேள்வி, "இவனுக்கு முன்னாடி யாருக்கு முடி வெட்டினீங்க?" பெரியவனின் சட்டையைத் தூக்கிப் பார்த்தால், கழுத்துக்குக் கீழே அதே வட்டம். வெயிலில் வந்த தேமல் என்று நினைத்து யாரும் கவனிக்கவில்லை. தலையில் வந்த படர்தாமரைக்குக் களிம்பு மட்டும் போதாது என்று வாரக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். குழந்தை அதை விழுங்க மாட்டாமல் அழுததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அன்று ராத்திரியே மெஷினைக் கழற்றினேன். அடியில் இருந்த இரண்டு திருகாணியை எடுத்ததும் பிளேடு இரண்டாகப் பிரிந்து வந்தது. கீழ்ப் பிளேடு அசையாது, மேல் பிளேடுதான் இப்படியும் அப்படியும் ஓடும். இரண்டுக்கும் நடுவில், வெளியிலிருந்து எந்தப் பஞ்சும் தொட முடியாத இடத்தில், கறுப்பாகப் பிசின் மாதிரி ஒன்று அப்பியிருந்தது. நறுக்கின முடித்தூள், தலையில் தடவின தேங்காய் எண்ணெய், பொடுகு எல்லாம் சேர்ந்து இறுகினது. அந்த அழுக்குக்குள் ஸ்பிரிட் இறங்காது, பாப்பா. மேலே பட்டு, நம் ஊர் வெயிலுக்கு அரை நிமிஷத்தில் ஆவியாகிப் போய்விடும். பஞ்சு ஈரமாக இருந்தது, கிருமி அப்படியே இருந்தது.

அதனால் முதலில் அழுக்கு போக வேண்டும், மருந்து அப்புறம். வெட்டி முடித்த அன்றே மெஷினை அணைத்து, சார்ஜர் வயரைப் பிடுங்கிவிடு. கழற்றும் முன் பிளேடு இருக்கும் நிலையை மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள், மறுபடி மாட்டும்போது உதவும். உலர்ந்த பிரஷ்ஷால் முடியைத் தட்டிவிட்டு, கழற்றின பிளேடை மட்டும் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷ்ஷால் பல் பல்லாகத் தேய். பல்லின் வாட்டத்திலேயே தேய்க்க வேண்டும். மெஷின் உடம்பில் தண்ணீர் படக்கூடாது, கழுவலாம் என்று அதிலேயே போட்டிருந்தால் மட்டும் கழுவு. கழுவினதும் துணியால் ஒற்றி உடனே துடைத்துவிடு. நம் போர் தண்ணீர் மாதிரி உப்புத் தண்ணீராக இருந்தால் காய விட்டாலே துரு ஏறும்.

அப்புறம் ஒரு சில்வர் டம்ளரில் பிளேடு மூழ்கும் அளவுக்கு 70 சதவீத ஸ்பிரிட் ஊற்றி, தட்டால் மூடிப் பத்து நிமிஷம் வை. பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது. எடுத்ததும் வெள்ளைத் துணியில் பல்லை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்துப் பார். துணியில் சாம்பல் கோடு விழுந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது, சோப்பிலிருந்து மறுபடி ஆரம்பி.

மாட்டும்போது மேல் பிளேடின் பல் நுனி, கீழ்ப் பிளேடின் நுனிக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். இரண்டும் சமமாக வந்தாலோ மேல் பல் முன்னால் நீட்டினாலோ தோலைக் கிள்ளும். உன் கையில் முதலில் ஓட்டிப் பார். அப்புறம் தையல் மெஷின் எண்ணெய் மூன்று சொட்டு, பல்லின் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் விட்டு, பத்து விநாடி ஓட்டி, மிச்சத்தைத் துடை. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். மார்கழி காலையில் அது உறைந்து பிளேடைப் பிடித்துவிடும், மற்ற நாளில் முடியைச் சேர்த்துப் பிசினாக்கும். தறியோடு நாற்பது வருஷம் இருந்தவன் சொல்கிறேன், எண்ணெய் காய்ந்த இரும்பு சூடாகும், இழுக்கும். முடி வெட்டுப்படாமல் பிடுங்குகிறது என்று பிள்ளைகள் கத்தினால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

ஒரே ஞாயிற்றுக்கிழமை நாலு பேருக்கும் வெட்டும்போது ஒவ்வொரு தடவையும் கழற்ற முடியாது என்று எனக்கும் தெரியும். அதனால் வரிசை முக்கியம். மாமனாருக்குச் சர்க்கரை இருக்கிறது, சின்னக் கீறலும் அவருக்குச் சீக்கிரம் ஆறாது. கழுவின மெஷினில் அவருக்குத்தான் முதலில். மற்றவர்களுக்கு நடுவில் மெஷினை அணைத்து, முடியைத் தட்டி, பஞ்சை ஸ்பிரிட்டில் நன்றாக நனைத்துத் துடைத்து, பல் ஒரு நிமிஷமாவது ஈரமாக இருக்கும்படி வைத்து, உலர்ந்த பிறகு ஓட்டு. கத்தரிக்கும் அதே வழிதான், இரண்டு அலகும் சேரும் ஆணிப் பக்கத்தை விட்டுவிடாதே. யாருக்காவது ரத்தம் வந்துவிட்டால் அன்றைக்கு அந்த மெஷின் வேறு யாருக்கும் வேண்டாம், கழற்றிக் கழுவின பிறகுதான்.

சீப்பையும், அளவுக்கு மாட்டும் பிளாஸ்டிக் சீப்புகளையும் ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள். அவற்றைச் சோப்பில் கழுவிவிட்டு, 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிஷம் ஊற வைத்து அலசலாம். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், வேறு எதையும் அதில் சேர்க்கக் கூடாது. இரும்பை அதில் போடாதே, அரித்துவிடும்.

வெட்டும் முன் ஒவ்வொருத்தர் தலையையும் பிடரியையும் வெளிச்சத்தில் பார். வட்டமாகச் செதில், ஒடிந்த முடி, சீழ் இருந்தால் அவருக்கு வெட்டாதே, டாக்டரிடம் காட்டு. படர்தாமரையின் வித்துகள் ஸ்பிரிட்டில் முழுசாகச் சாகும் என்று நம்பவும் வேண்டாம். அது மாதக்கணக்கில் சீப்பிலும் பிளேடிலும் தங்கியிருக்கக் கூடியது. நான் அந்தப் பழைய பிளேடைத் தூக்கிப்போட்டு, புதுசு வாங்கி மாட்டினேன்.

இந்தக் கவரில் லுங்கி நூல் நாலு நிறத்தில் கொஞ்சம் வைத்திருக்கிறேன். சிவப்பு மாமனாருக்கு, பச்சை மாப்பிள்ளைக்கு, மஞ்சள் பெரியவனுக்கு, நீலம் சின்னவனுக்கு. அவரவர் சீப்பின் பிடியில் இறுக்கி முடிச்சுப் போடு. சாயம் போகாத நூல்தான், சோப்பில் போட்டுப் பார்த்துவிட்டேன்.

அப்பா