மனுவில் ‘தாங்கள்’ யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்கு நாம் தமிழில் எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பலரும் அப்படி எழுதுகிறார்கள். ஆனால் அந்த மனுக்களில் மரியாதை விகுதி தடுமாறுவதால் சொல்ல வந்த செய்தியே மாறிப்போகிறது.

அண்மையில் பக்கத்து வீட்டுக்காரர் போக்குவரவு, அதாவது நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றித் தருவது, கேட்டுத் தாசில்தாருக்கு எழுதிய மனுவைப் படித்தேன். மலையாள மீடியத்தில் படிக்கும் மகள் எழுதிக்கொடுத்தது. அதில் இப்படி இருந்தது: “வில்லேஜ் ஆபீசர் அவர்கள் வந்து இடத்தைப் பார்த்தார்கள். தாங்கள் ஒரு வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள்.” வாக்குக் கொடுத்தவர் தாசில்தார். ஆனால் இதைப் படித்தால் வில்லேஜ் ஆபீசர்தான் வாக்குக் கொடுத்தார் என்று தோன்றும். தமிழில் ‘தாங்கள்’ எதிரில் இருப்பவரை மரியாதையாக அழைக்கும் சொல். முன்னே சொன்னவர்களைத் திரும்பக் குறிக்கவும் அதுவே வரும். எது என்று காட்டுவது வினையின் கடைசிதான். ‘சொன்னீர்கள்’ என்றால் கடிதம் பெறுபவர், ‘சொன்னார்கள்’ என்றால் வேறு யாரோ. நாளை கோப்பைப் புரட்டும் எழுத்தருக்கு இந்த வரிதானே சாட்சி?

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மலையாளத்தில் நான், நீ, அவர் யார் சொன்னாலும் ‘பறஞ்ஞு’தான்; வினை ஆளுக்கேற்ப மாறுவதில்லை. ‘தாங்கள்’ என்று எழுதியதுமே மரியாதை முடிந்துவிட்டது என்று அந்தப் பழக்கம் சொல்லும். நம் மொழியிலும் ‘சொல்லவில்லை’, ‘சொல்ல வேண்டும்’ போன்றவை எல்லோருக்கும் ஒன்றாகவே வருவதால், அங்கே பிழை வெளியே தெரியாது. இறந்தகாலத்தில் யார் என்ன செய்தார் என்று விவரிக்கும் பத்தியில்தான் அது மாட்டிக்கொள்ளும். அதனால் எழுதி முடித்ததும் அந்தப் பத்தியில் ‘தாங்கள்’ வரும் இடங்களை மட்டும் விரலால் தொட்டு, அந்த வாக்கியம் ‘-ஈர்கள்’ என்று முடிகிறதா என்று பார்த்தால் போதும். மூன்றாமவரைச் சொல்லும் இடத்தில் பதவிப் பெயரையே மறுபடி எழுதிவிடலாம். ‘தாங்கள்’ என்பதைத் தாசில்தாருக்கு மட்டும் வைத்துக்கொண்டால் குழப்பமே வராது.

அப்புறம், ‘உடனே ஆவன செய்யவும்’ என்று முடிக்கிறார்கள். ‘செய்யவும்’ என்பது மேலிடம் கீழிடத்துக்கு எழுதும் தொனி. ‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்பதே மனுவுக்குப் பொருந்தும். ஒருவர் மட்டும் கையெழுத்திடும் மனுவில் ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்று எழுதுவதும் சரியல்ல.

தங்கள் இதழில் போக்குவரவு, சாதிச் சான்றிதழ் இரண்டுக்கும் ஒவ்வொரு மாதிரி மனுவை வெளியிட்டால், இங்கே அதைப் பார்த்து எழுதப் பலர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.