அழுகை நின்றது, கார்டிசோல் நிற்கவில்லையா?

ஆசிரியருக்கு,

குழந்தையை அழவிட்டுத் தூங்கப் பழக்குவது பற்றிய உங்கள் கட்டுரையில், 'அழுகை நின்றாலும் மன அழுத்தம் குறையாது என நிரூபணம்' என்று இருந்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பெரும்பாலும் 2012இல் வெளியான நியூசிலாந்து ஆய்வுதான். அதில் இருந்தவை 25 தாய்-சேய் ஜோடிகள். முதல் நாள் இருவரின் எச்சிலிலும், மன அழுத்தத்தின்போது கூடும் ஹார்மோனான கார்டிசோலின் அளவு ஒத்துப்போனது. மூன்றாம் நாள் குழந்தைகள் அழவில்லை. தாயின் அளவு இறங்கியது, குழந்தையின் அளவு இறங்கவில்லை.

சரி, எதிலிருந்து இறங்கவில்லை? வீட்டில் சாதாரண நாளில் எவ்வளவு இருந்தது என்று யாரும் அளக்கவில்லை. ஆய்வு நடந்தது குழந்தைக்குப் புது இடத்தில், தூங்க வைத்தவர் தாதி. ஒப்பிட, பழக்கப்படுத்தாத குழந்தைகளின் குழுவும் இல்லை. அளவு உயர்ந்தே இருந்ததா, எப்போதும்போல் இருந்ததா என்றே இதிலிருந்து சொல்ல முடியாது.

எதிர்த்தரப்பு நீட்டும் 2016 ஆஸ்திரேலிய ஆய்வில் ஒப்பீட்டுக் குழு உண்டு. கார்டிசோல் கூடவில்லை, ஓராண்டுக்குப் பின் தாயோடான பிணைப்பிலும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அங்கே எச்சில் எடுத்தது காலையிலும் பிற்பகலிலும். அழுத இரவில் அல்ல. மொத்தக் குழந்தைகளே 43, அதுவும் மூன்று குழுவாகப் பிரித்து. இத்தனை சிறிய குழுக்களில் பெரிய பாதிப்பு இருந்தால்தான் கண்ணில் படும். 'வேறுபாடு தெரியவில்லை' என்பதை 'பாதிப்பே இல்லை' என்று தலைப்பு போட்டாலும் அதுவும் தவறுதான்.

ஒரு வாசகி, திருச்சி